கண்ணாடிப் பெட்டியும் காசிமேட்டு மூக்கும்

என்னைப் பொறாமைக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பும் இருந்ததில்லை. என்னிடம் இருந்ததைப் பார்த்து மற்றவர்கள்தான் பொறாமைப்பட்டார்கள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவன் நான். அங்கிருந்து மணலி தாண்டி இருக்கும் சாராய ஆலைக்கு டிரம் உருட்டப் போனேன். அரசு உரிமத்தோடு பிராந்தி காய்ச்சி பாட்டிலில் அடைக்கும் ஆலை. டிரம் உருட்டியவன் பாய்லருக்குப் போனான், பாய்லரிலிருந்து செம்புச் சட்டிக்குப் போனான், கடைசியில் அந்தச் சட்டிக்கே எஜமான் ஆனான். படித்துப் பட்டம் வாங்கிய நான்கு பேரை உட்காரவைத்தாலும் நான் செய்கிற வேலையை அவர்களால் செய்ய முடியாது. இதை எங்கள் பிளெண்டர் சாரே சொல்லியிருக்கிறார். பிளெண்டர் என்றால் எந்தச் சரக்கை எதோடு எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்கிறவர். ஆலையில் முதலாளிக்கு அடுத்த வாய் அவருடையதுதான்.

அப்படிப்பட்ட நான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு பொம்பளையின் மூக்கைப் பார்த்து வயிறு எரிந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. எரிந்தது எரிந்ததுதான்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரியாமல் படித்தால் எரிச்சலின் அளவு புரியாது.

திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து ஒருமுறை காய்ச்சி எடுத்தால் கலங்கலாக, மெலிந்த சாராயம் ஒன்று வரும். அதைச் செம்புச் சட்டியில் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்ச வேண்டும். ஆவி மேலே ஏறி, கழுத்தில் வளைந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் குளிர்ந்து, சொட்டாகி, பிறகு விரல் தடிமன் தாரையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் விழும். பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி கலால் அதிகாரியிடம். எங்களுக்கு வெளியே ஒரு மரக் கைப்பிடியும் மாதிரி பிடிக்க ஒரு சின்னக் குழாயும் மட்டும். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே சாராயத்தைக் கொட்டும் மூக்குக் குழாய் நகரும். இடது பக்கம் ஒரு தொட்டி, நடுவில் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

முதலில் விழுவது தலை. பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த நெடி. நகச்சாயத்தின் நெடி. மூக்கில் ஊசி போடும். சட்டென்று பற்றிக்கொள்ளும் சாமான், அதனால் அந்த நேரத்தில் பெட்டி இருக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஒரு பொறி கூட இருக்கக் கூடாது. அதைக் குடித்தால் தொண்டை எரியும், தலை பிளக்கும். அதை இடது தொட்டிக்கு விட வேண்டும். பிறகு வருவது நடு. காய்ந்த திராட்சை, பூ, லேசாகப் பேரிக்காய். அதுதான் சரக்கு. அதற்கு நடுத் தொட்டி. அப்புறம் மெல்ல மெல்ல வால் வரும். ஈரக் கோணி வாசனை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, நாக்கில் எண்ணெய் பூசினது போல ஒரு பிசுக்கு. அது வலது பக்கம். தலையையும் வாலையும் கொட்டிவிட மாட்டோம், அதிலும் சத்து இருக்கிறது. அடுத்த காய்ச்சலில் சேர்த்து மறுபடியும் பிரிப்போம்.

காகிதத்தில் இதற்கெல்லாம் இங்கிலீஷ் பேர் உண்டு. எங்கள் வாயில் தலை, நடு, வால். எங்கே தலை முடிந்து நடு ஆரம்பிக்கிறது, எங்கே நடு முடிந்து வால் ஆரம்பிக்கிறது என்பதற்குக் கோடு போட்டு எவனும் வைக்கவில்லை. கைப்பிடியைத் திருப்புகிறவன்தான் கோடு. அந்தத் திருப்பலுக்கு எங்கள் பேச்சில் வெட்டு என்று பேர். சீக்கிரம் திருப்பினால் பெயிண்ட் கடை உள்ளே வரும். தாமதமாகத் திருப்பினால் ஈரக் கோணி உள்ளே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்கள் நினைக்கிறார்கள், கண் பார்வையைப் பறிக்கும் மெத்தில் சாராயம் முழுக்கத் தலையோடு போய்விடும், தலையைத் தள்ளினால் பயமில்லை என்று. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன், பெருமையாகப் பேசிக்கொண்டும் இருந்தேன். பிளெண்டர் சார்தான் திருத்தினார். அது தலையில் மட்டும் உட்காராதாம், முதல் சொட்டிலிருந்து வால் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வருமாம். நல்ல திராட்சையில் கொஞ்சம்தான் இருக்கும், அதையும் ஒவ்வொரு முறையும் லேபில் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். எங்கள் பேட்டையில் நான் சின்ன வயதில் கண்டேனே, கண் போன ஆட்கள், அவர்கள் குடித்தது தொழிற்சாலை டிரம்மிலிருந்து எவனோ திருடிக் கலந்த சாமான். அதை எந்த மூக்காலும் பிரிக்க முடியாது. எந்த வெட்டும் காப்பாற்றாது. இது தெரிந்த பிறகு என் வெட்டின் மேல் மரியாதை குறையவில்லை, கூடியது. மூக்கால் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால்தானே மீதியை லேப் பார்க்க முடியும்.

இனி அந்தப் பொம்பளை.

காசிமேட்டுக்காரி. வயது நாற்பத்தைந்து இருக்கும். பாட்டில் ஹாலில், வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிவரும் பாட்டிலில் தூசி துரும்பு மிதக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவளுடைய அம்மா மீன் ஏலத்தில் எடுத்துக் கூடையில் விற்றவள். இவளும் சின்ன வயதில் கூடப் போனவள். ஒரு நாள் பாட்டில் ஒன்று உடைந்து மேசையெல்லாம் சரக்கு. துடைத்துக்கொண்டே சூப்பர்வைசரிடம் சொன்னாளாம்.

"சார், இந்த லாட்டுல ஏதோ நெடி கீது. போன லாட்டு இப்டி இல்ல. நெயில் பாலிஷ் மாரி குத்துது."

சூப்பர்வைசர் சிரித்திருக்கிறான். பிளெண்டர் சார் அந்தப் பக்கம் வந்தார், சிரிக்கவில்லை. மாதிரி பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார், மோந்தார், லேபுக்கு அனுப்பினார். பிராந்தியில் கலந்த திராட்சைச் சாராயத்தில் ஒரே ஒரு காய்ச்சல் மட்டும் கொஞ்சம் தலை கலந்து வந்திருந்தது. குடித்தால் ஆபத்து என்று சொல்லும் அளவு இல்லை. ஆனாலும் இருக்கக் கூடாத நெடி.

அந்தக் காய்ச்சலை வெட்டியவன் நான்.

எனக்கு அன்றைக்கு ஜலதோஷம். யாருக்குத்தான் வராது? மூக்கு அடைத்திருந்ததால் நேரத்தை வைத்துத் திருப்பினேன், பத்து நிமிடம் முந்திவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு தடவை. அந்த ஒரு தடவையை, ஏழு மாதம் மட்டுமே ஆலையில் இருந்த ஒருத்தி, மேசையைத் துடைக்கும் துணியை மோந்து கண்டுபிடித்தாள்.

அடுத்த வாரமே அவளைப் பாட்டில் ஹாலிலிருந்து எடுத்துச் சட்டி அறைக்குக் கொண்டுவந்தார் பிளெண்டர் சார். "அம்மா இங்க உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். எனக்குச் சட்டி அறையில் ஸ்டூல் கிடைக்கவே மூன்று வருஷம் ஆனது. அவளுக்கு முதல் நாளே முதுகு சாயும் நாற்காலி. மோந்து பார்க்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் அவளுடையதற்கு மட்டும் காம்பில் சிவப்பு நூல் கட்டிக்கொடுத்தார், வேறு யாரும் தொடக் கூடாதாம். என் கிண்ணத்தை யார் வேண்டுமானாலும் கழுவி எடுத்துப் போவார்கள்.

அவள் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. வாயில் வைத்தாலும் துப்பிவிடுவாள். மோந்து, கண்ணை மூடி, "இது பின்னாடி வர்றது", "இது இன்னும் தலைதான் அண்ணே" என்பாள். கோபம் வருவது அதற்காக இல்லை. அவள் சொல்வது சரியாக இருந்தது, அதற்காகத்தான்.

"எப்டி உனக்குத் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன், முகம் கோணாமல்.

"மீனுல பாருங்க அண்ணே, கண்ணு பாத்து வாங்குறவன் ஏமாந்துடுவான். ஐஸ் போட்டு கண்ண பளபளன்னு வெச்சிடுவானுங்க. செவுளத் தூக்கி மோந்தா தெரிஞ்சிடும். முந்தாநாளு மீனா, இன்னிக்கு மீனான்னு. இதுவும் அத்தே மாரிதான்."

"மீனும் சாராயமும் ஒண்ணா?"

"மூக்கு ஒண்ணுதான அண்ணே."

பாய்லர்காரன் சத்தமாகச் சிரித்தான். அவன் என் தோஸ்து, வியாசர்பாடிக்காரன், என்னோடு யார்டில் மூட்டை தூக்கியவன். ஆனாலும் சிரித்தான்.

நான் பாக்குப் போடுவதை நிறுத்தினேன். பீடியை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டில் வெங்காயம் வேண்டாம் என்றேன். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் வாசலில் போய் உட்கார்ந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புதான், எந்த வாசலில் போய் உட்கார்வது? என் பொண்டாட்டி கதவுநிலையில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இன்னா, திடீர்னு சாமியாரா பூட்ட? யாருக்காவ இந்த விரதம்?"

"வேலைக்கு."

"இத்தினி வருசம் வேலை வேற யாரு செஞ்சாங்க?"

மூக்கை மட்டும் பயன்படுத்திப் பழகினேன். பேருந்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு எந்த நிறுத்தம் என்று வாசனையால் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காற்று மாறினால் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து கெட்ட முட்டை நெடி, எண்ணூர்ப் பக்கம் போனால் கண்ணைக் கரிக்கும் நெடி. அந்தக் காற்று அடிக்கும் நாளில் சட்டி அறையின் அந்தப் பக்க ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை செய்வோம். இல்லாவிட்டால் எது தலை எது ஊர்க் காற்று என்று பிரியாது.

இதற்கு மேல் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எழுதுவதில் அர்த்தமில்லை. ஒரு காலை, நீலகிரித் தைலத்தை நெற்றியிலும் மூக்கிலும் கழுத்திலும் நன்றாகப் பூசிக்கொண்டு போய், அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மூக்கு அன்றைக்கு அடைக்கட்டும் என்று. வேறு எதற்காகவும் இல்லை.

"தலைவலியா அண்ணே?" என்றாள்.

"ஆமா."

"அப்ப வூட்ல படுக்காம ஏன் வந்தீங்க? கொஞ்சம் அந்தாண்ட ஒக்காருங்க, காத்து வரட்டும்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மோந்தாள். சரியாகச் சொன்னாள். தைலம் பூசிய எனக்குத்தான் அன்று முழுக்கத் தைலத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. கைப்பிடியை அவள் சொல்லச் சொல்லத் திருப்பினேன். பாய்லர்காரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, கல்யாண மாப்ள கணக்கா மணக்கிற?"

சித்திரை முடியும் நேரம் பிளெண்டர் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆலையில் முதல் தடவையாகத் திராட்சைச் சாராயத்தை மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவைக்கப் போகிறார்கள். பீப்பாய்கள் வந்து இறங்கியிருந்தன. அதற்குப் போகும் காய்ச்சல்களைத் தொடர்ந்து ஒரே ஆள்தான் வெட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் வெட்டு மாறினால் பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும்.

"முதல் காய்ச்சல் நீங்க வெட்டுங்க" என்றார் என்னிடம். "அம்மா பக்கத்துல இருப்பாங்க. எப்ப திருப்பணும்னு அவங்களுக்குத் தோணுதோ, அந்த நேரத்த சீட்டுல எழுதி மடிச்சு வெச்சுடுவாங்க. வாயத் திறக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாதிரி பிடிச்சு நம்பர் போட்டு வைங்க. சாயங்காலம் நான் மோந்து பாக்குறேன். யாரோட வெட்டு சரியோ, பீப்பாய் வேலை முழுக்க அவங்க கையில."

கைப்பிடி போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதுதான் அர்த்தம். பீப்பாய் வேலை இல்லாத சட்டிக்காரன் என்றால் பாட்டில் சரக்குக்குத் துணைச் சாமான் காய்ச்சுகிறவன். நான் அதற்கா இத்தனை தூரம் வந்தேன்?

காலை ஆறு மணிக்குச் சட்டிக்கு நீராவி விட்டார்கள். தலை வந்தது. முதல் கிண்ணத்தில் லேசான பச்சை. அது சட்டிக் கழுத்தின் செம்பு. அதில் தண்ணீர் ஊற்றினேன், பால் போலக் கலங்கியது. போன காய்ச்சலின் வாலில் இருந்த எண்ணெய்ப்பிசுக்கு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டமாக வரும் தலைதான் அதைக் கழுவிக்கொண்டு வரும். நாலாவது கிண்ணத்தில் தண்ணீர் தெளிந்தது. ஆனால் தெளிந்தவுடன் திருப்புகிறவன் அவசரக்காரன். நகச்சாய நெடி போகும் வரை காத்திருந்தேன். ஊசி குத்துவது நின்று, நுனியில் இனிப்பு எட்டிப் பார்த்தது. திருப்பினேன். திருப்பும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அப்போதுதான் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே நேரம். என் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அவளுக்கும் எனக்கும் ஒன்றுதானே, அப்புறம் என்ன?

பிறகு நடு ஓடியது. மணிக்கணக்கில் ஓடும். காலை ஒன்பது, பத்து, பதினொன்று. மே மாதத்துக் கத்திரி வெயில், தகரக் கூரை. அந்த நேரத்தில் பாய்லர்காரன் வந்து வாசலில் நின்றான்.

"மாமு, கூலிங் டவர் பேனு பெல்ட் வழுக்குது. தண்ணி சூடாத்தான் திரும்பி வருது. பிட்டர வர சொல்லிகீறேன். பாத்துக்கோ."

"ம்" என்றேன். கேட்டேன். காதில் விழுந்தது, சாராயக் குழாயைக் குளிரவைக்கும் தண்ணீர் அதுதான் என்றும் தெரியும். ஆனால் என் கண் அவள் கையில் இருந்த பேனா மேல் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தலையை வெட்ட மூக்கு போதும். வாலை வெட்டும்போது ஆறு மணி நேரம் மோந்து மோந்து மூக்கு சலித்திருக்கும். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சாராயத்தில் மிதக்கும் மிதவையையும் பார்ப்போம். சாராயம் காட்டமாக இருந்தால் மிதவை தாழும், தண்ணீர்ச் சத்து ஏற ஏற மேலே எழும்பும். அதன் காம்பில் எண் இருக்கிறது. அறுபதுக்கு வந்ததும் வெட்டு என்பது எங்கள் ஆலைக் கணக்கு. ஆனால் அந்த எண் குளிர்ந்த சாராயத்துக்குப் போட்ட எண். சாராயம் சூடாக இருந்தால் அது லேசாகிவிடும், மிதவை கூடுதலாகத் தாழும், இருப்பதைவிடக் காட்டமாகக் காட்டும். பொய் சொல்லும். பக்கத்திலேயே தெர்மாமீட்டர் உண்டு, திருத்தம் பார்க்கச் சுவரில் அட்டவணை உண்டு. அதையெல்லாம் படித்தவர்கள் பார்ப்பார்கள். நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளங்கை போதும். பெட்டிக்குள் நுழையும் குழாயில் கையை வைத்தால் இவ்வளவு சூடு, இவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரியும். பதினோரு வருஷமாக அதில் பிசகியதில்லை. பிளெண்டர் சார் அட்டவணை போட்டுப் பார்த்து, "எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். அவள் கிண்ணத்தை மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள். சீட்டில் எழுதினாள், மடித்தாள், பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

நான் மிதவையைப் பார்த்தேன். அறுபத்தேழு.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? மாட்டினாள். காசிமேட்டு மூக்கு மாட்டிக்கொண்டது. அறுபத்தேழில் வாலாம். நல்ல சரக்கு முக்கால் மணி நேரத்துக்கு இன்னும் ஓடும், அதை வாலோடு போய்ச் சேர் என்கிறாள். சாயங்காலம் சார் அவள் சீட்டை விரிக்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். நாற்காலியைத் திரும்பப் பாட்டில் ஹாலுக்குத் தூக்கிப் போகிறார்கள், சிவப்பு நூலை அவிழ்க்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரமும் நான் மோந்தேன் என்று சொல்ல மாட்டேன். கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டுபோனேன், மூக்கு வேறு வேலையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், மிதவையைப் பார்த்தேன், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு தடவை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அதையும் பயம் என்றுதான் நினைத்தேன்.

அறுபத்தாறு. அறுபத்து மூன்று. அறுபது. ராஜா போல எழுந்து கைப்பிடியைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். திருப்பும்போது புறங்கை குழாயில் பட்டது.

வழக்கத்தைவிட நல்ல சூடு.

உள்ளங்கையை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், முப்பத்தொன்பது. சுவரில் அட்டவணையைத் தேடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். உண்மையான காட்டம் ஐம்பத்து மூன்று. அவள் பேனாவை மூடியபோது மிதவையின் அறுபத்தேழு உண்மையில் அறுபதாக இருந்தது. சரியாக அறுபது. கடைசியாகப் பிடித்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். கலங்கியது. மோந்தேன். இப்போது மூக்கு வேலை செய்தது. மழையில் நனைந்த கோணி. முக்கால் மணி நேர வாலை நடுத் தொட்டிக்குள் என் கையாலேயே விட்டிருக்கிறேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன் அண்ணே. வாயத் தொறக்கக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரே."

நான் கிண்ணத்தை மேசையில் வைத்தேன்.

"சார் சாப்ட்டுகினு கீறாரு" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் வேணும்னா என் சீட்ட கிழிச்சிட்டு, உங்க நேரத்தையே எழுதிடவா? மாதிரி கிண்ணத்த மாத்தி வெச்சிட்டா, தண்ணி சூடானது யாருக்கும் தெரியாது."

பாய்லர்காரன் கிரீஸ் கையோடு வாசலில் நின்றிருந்தான். "எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா இன்னா இப்போ, பெல்ட் மேல போட்டுடு மாமு. மிசினு தப்பு. நான்தான் சொன்னேனே சூடா வருதுன்னு, நானே சாட்சி."

"நீ சொன்னதுக்கு அப்புறமும் நான் பாக்கலன்னுதான ஆவும் உன் சாட்சி?"

அவன் தலையைச் சொறிந்தான்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். நீண்ட யோசனை இல்லை. அந்தத் தொட்டியை அப்படியே பீப்பாயில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மரம் சிலதை ஆற்றும், சிலதை ஆற்றாது. அந்தக் கோணி வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். திறக்கும்போது நான் ஆலையில் இருப்பேனோ இல்லையோ, மோந்து பார்க்கிறவன் கேட்பான், இதை வெட்டியது எந்த மடையன் என்று. அது ஒரு காரணம். அதைச் சொல்ல எனக்குப் பெருமை. இன்னொரு காரணமும் உண்டு, அதில் பெருமை இல்லை. அவள் சீட்டைக் கிழித்து என்னைக் காப்பாற்றினால், அதற்கப்புறம் அந்தக் கைப்பிடியை நான் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது அவள் போட்ட பிச்சை. அவள் மூக்கைப் பார்த்து எரிந்தது போதும், அவள் மனசைப் பார்த்தும் எரிய என்னால் முடியாது.

"கிழிக்காத" என்றேன். "ஒன் நேரம் அப்டியே இருக்கட்டும்."

சாப்பாட்டு அறைக்குப் போனேன். பிளெண்டர் சார் தயிர்சாதத்தில் இருந்தார்.

"நடுத் தொட்டியில வால் போயிடுச்சு சார். முக்கால் மணி நேரம். திருப்பி சட்டியில ஊத்தணும். கலால் அதிகாரிகிட்ட நீங்க சொல்லுங்க, பதிவேட்டுல காரணம் எழுதணும்."

அவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எப்படி?"

"குழாய் சூடா இருந்துச்சு. நான் தொட்டுப் பாக்கல."

"நீங்களா தொட்டுப் பாக்கல?"

அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. நான் தொட்டுப் பார்க்காமல் இருப்பேன் என்று அவரால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கட்டும் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அந்தம்மா என்ன எழுதுறாங்கன்னு பாத்துகிட்டு இருந்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து கிண்ணங்களை வரிசையாக மோந்தார். அவள் சீட்டைப் பிரித்தார். கடைசியிலிருந்து ஐந்தாவது கிண்ணம் வரைக்கும் பின்னால் போய், அவள் எழுதிய நேரத்தில் நிறுத்தி, தலையை ஆட்டினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

"பீப்பாய் வேலைக்குக் கைப்பிடிய அவங்ககிட்ட குடுத்துடுங்க. நான் சொல்றேன்."

இதை நான் சொன்னேன் என்பது முக்கியம். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"நீங்க?" என்றார்.

"கூடவே இருப்பேன். குழாயத் தொட்டுப் பாக்க ஆள் வேணுமில்ல."

அன்று காய்ச்சிய நடுத் தொட்டி முழுக்க மறுபடி சட்டிக்குள் போனது. ஒரு நாள் உழைப்பு, ஒரு நாள் நீராவி, எல்லாம் வீண். அடுத்த காய்ச்சலுக்கு அவள் கைப்பிடியைப் பிடித்தாள். மரத்தில் என் பிடி பதிந்து வழவழப்பாகியிருந்த இடத்தில் அவள் விரல்கள் சரியாக உட்காரவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். வேறு இடத்தில் பிடித்துத் திருப்பினாள்.

"அண்ணே, சரியா?" என்றாள்.

"நீதான சொல்லணும்" என்றேன்.

அன்று வந்த நடுவை நான் நாலு தடவை மோந்தேன். கோணி இருக்கிறதா, பெயிண்ட் கடை இருக்கிறதா, ஏதாவது ஒரு மூலையில் ஒரு குறை கிடைக்காதா என்று தேடித் தேடி மோந்தேன். தண்ணீர் ஊற்றினேன். வாயில் வைத்துத் துப்பினேன். அந்தச் சரக்கு முதல் பீப்பாய்க்குள் போனது, மரத் தக்கையை அடித்து மூடினார்கள்.

நல்ல வெட்டு. அதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அப்போதும் பாய்லர்காரனிடம்தான் சொன்னேன், அவளிடம் இல்லை. அவன் வாய் சும்மா இருக்காது, சாயங்காலத்துக்குள் அவள் காதில் போட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும். போடட்டும் என்றுதான் சொன்னேன்.